முப்பத்தாறு விடைகள், பன்னிரண்டு நிமிடங்கள்

மகள் பத்தாம் வகுப்பு. ஜனவரி கடைசியில் பள்ளியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குத் தலைமையாசிரியர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பேசுகிறார், விருப்பமுள்ள பெற்றோரும் வரலாம் என்று போட்டிருந்தது. "வரலாம்னுதான் இருக்கு, வரணும்னு இல்லப்பா" என்று மகள் இரண்டு முறை சொன்னாள். அதனாலேயே கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் போனேன்.

வழக்கமான பேச்சைத்தான் எதிர்பார்த்தேன். செல்போனைத் தொடாதே, விடியற்காலையில் எழுந்திரு, அப்பா அம்மா படும் கஷ்டத்தை நினைத்துப் பார், இந்த வரிசையில் ஒன்று. மனுஷர் கையில் ஒரு சாக்பீஸும் போன வருடத்துக் கணக்கு வினாத்தாளும் மட்டும் வைத்துக்கொண்டு வந்தார். அடிப்படையில் கணக்கு வாத்தியார். தலைமையாசிரியர் ஆவதற்கு முன் பல வருடம் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போனவர்.

"இன்னைக்கு 'நல்லாப் படிங்க'ன்னு ஒரு தடவைகூடச் சொல்லமாட்டேன். அதை உங்க வீட்லயே சொல்லிக்கிட்டுதான் இருப்பாங்க" என்று எங்களைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பேப்பரை எப்படிச் செய்றாங்க, நீங்க எழுதிக் குடுத்ததை எப்படித் திருத்துறாங்க. இந்த ரெண்டை மட்டும் பேசுவோம். எல்லாப் பாடத்துக்கும் பேசினா இருட்டிடும். கணக்கை மட்டும் எடுத்துக்குறேன்."

கரும்பலகையில் நான்கு வரி எழுதினார்.

பகுதி 1: 14 கேள்வி, எல்லாமே எழுதணும், தலா 1 மார்க் = 14
பகுதி 2: 14 கேள்வியில் 10, தலா 2 மார்க் = 20
பகுதி 3: 14 கேள்வியில் 10, தலா 5 மார்க் = 50
பகுதி 4: செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று, தலா 8 மார்க் = 16

"கூட்டுங்க. நூறு. சரி, இந்தப் பேப்பர்ல மொத்தம் எத்தனை மார்க்குக்குக் கேள்வி அச்சடிச்சிருக்கு?"

"நூறு சார்!" என்று அரங்கமே கத்தியது. அவர் பேசாமல் நின்றார். முன்வரிசையில் ஒரு பெண் மெதுவாக, "இல்ல சார், சாய்ஸ் இருக்கே" என்றாள்.

"அப்படிச் சொல்லு. 14 ஒன் மார்க். 14 டூ மார்க், இருபத்தெட்டு. 14 ஃபைவ் மார்க், எழுபது. வடிவியல்ல ரெண்டு குடுத்து ஒண்ணு, வரைபடத்துல ரெண்டு குடுத்து ஒண்ணு. அது நாலு எட்டு முப்பத்திரண்டு. கூட்டினா நூத்தி நாப்பத்து நாலு. நூத்தி நாப்பத்து நாலு மார்க்குக்குக் கேள்வி குடுத்துட்டு, நூறுக்கு எழுதுன்னு சொல்றாங்க. மிச்சம் நாப்பத்து நாலு மார்க் எதுக்கு? உங்களுக்குப் பிடிக்காத பாடத்தைத் தள்ளிவிடவா?"

பின்வரிசைப் பையன்களில் சிலர் சிரித்ததைப் பார்த்தால் அதற்குத்தான் என்று அவர்கள் நெடுநாளாக நம்பி வந்தது தெரிந்தது. என் மகளும் அந்தக் கட்சிதான். முக்கோணவியலை 'சாய்ஸ்ல விட்டுடலாம்' என்று அரையாண்டுக்கு முன்பே முடிவு செய்தவள்.

அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். "புத்தகத்துல எட்டுப் பாடம். ஃபைவ் மார்க் கேள்வி பதினாலு. சராசரியா ஒரு பாடத்துக்கு ஒண்ணே முக்கால் கேள்வி. இது சராசரிதான். எந்தப் பாடத்திலிருந்து எத்தனைன்னு முன்னாடி புளூபிரிண்ட் இருந்துச்சு, மனப்பாடமா வெச்சிருப்பாங்க. இப்போ அதை நம்பி உக்கார முடியாது. சரி, நீங்க ரெண்டு பாடத்தை விடுறீங்கன்னு வெச்சுக்குவோம். மூணரைக் கேள்வி போச்சு. உங்களுக்கு இருக்கிற சாய்ஸே நாலுதான். அப்படின்னா மிச்சம் இருக்கிற ஆறு பாடத்துல வர்ற ஒரு கேள்வியைக்கூட நீங்க விட முடியாது. எல்லாமே தெரிஞ்சிருக்கணும், எல்லாமே சரியா வரணும். யாருக்காவது அப்படி வந்திருக்கா?"

யாருக்கும் வந்ததில்லை.

"சாய்ஸ் பாடத்துக்குக் குடுத்தது இல்ல கண்ணுங்களா, கேள்விக்குக் குடுத்தது. நல்லாத் தெரிஞ்ச பாடத்துலயே ஒரு கேள்வி புரியாத மாதிரி வந்து நிக்கும். அந்த நேரத்துல தாண்டிப் போறதுக்குத்தான் அந்த நாலு. அதை நீங்க ஜனவரியிலேயே செலவழிச்சிட்டா, ஹாலுக்குள்ள போறப்போ கையில ஒண்ணும் இருக்காது."

பிறகு 28, 42 என்ற இரண்டு எண்களை எழுதி வட்டமிட்டார். டூ மார்க் பகுதியில் 28-ஆவது கேள்வியும், ஃபைவ் மார்க் பகுதியில் 42-ஆவது கேள்வியும் கட்டாய வினாக்கள். அவற்றுக்குச் சாய்ஸ் கிடையாது. "அப்படின்னா பதினாலுல பத்துன்னு சொல்றதே முழு உண்மை இல்ல. பதிமூணுல ஒன்பது, கூட ஒரு கட்டாயம். 42-ஐ விட்டுட்டு வேற பத்து எழுதினா, ஒன்பதுதான் கணக்கு. பத்தாவதா எழுதினது எவ்வளவு அழகா இருந்தாலும் வீண். கட்டாயக் கேள்வியைப் பெரும்பாலும் புத்தகத்துல இருக்கிறபடியே கேக்கமாட்டாங்க. எண்ணை மாத்துவாங்க, இல்ல ரெண்டு பாடத்தைச் சேர்ப்பாங்க. நூத்துக்கு நூறு வாங்குறவங்களையும் தொண்ணூறு வாங்குறவங்களையும் பிரிக்கிற இடம் அதுதான். நீங்க தள்ளின பாடத்துல இருந்து அது வந்தா, ஒரே இடத்துல அஞ்சு மார்க். யாராலயும் காப்பாத்த முடியாது."

வினாத்தாளை உயர்த்திக் காட்டினார். "ஒரே கேள்வி தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் இருக்கு. தமிழ் மீடியம் பிள்ளைங்க இங்கிலீஷைத் திரும்பியே பார்க்கிறதில்ல. பாருங்க. ஒரு எண் அச்சுல மங்கியிருந்தா, ஒரு வாக்கியம் குழப்பமா இருந்தா, பக்கத்துல இருக்கிறதை வெச்சுச் சரி பார்த்துக்கலாம். அதுக்கு நேரமும் குடுத்திருக்காங்க. பத்து மணிக்கு உள்ள உக்கார்ந்தா முதல் பத்து நிமிஷம் வினாத்தாள் படிக்க, அடுத்த அஞ்சு நிமிஷம் முகப்புத்தாளைச் சரிபார்க்க. பத்தேகாலுக்குத்தான் எழுதவே ஆரம்பிக்கிறீங்க. அந்தப் பத்து நிமிஷத்துல பெரும்பாலானவங்க என்ன செய்றாங்க? ஒன் மார்க்குக்கு மனசுல விடை போட்டுக்கிட்டு இருப்பாங்க. அதைச் செய்யாதீங்க. ஒன் மார்க் எங்கேயும் ஓடிடாது, எல்லாமே எழுதணும். தேர்ந்தெடுக்க வேண்டியது ஃபைவ் மார்க். முதல்ல 42-ஐப் படிங்க. அப்புறம் 29-லிருந்து 41 வரை. எந்த நாலை விடப் போறீங்கன்னு பத்து நிமிஷத்துல முடிவு பண்ணிடுங்க."

இதுவரை வினாத்தாள். அடுத்ததாக விடைத்தாள் போகும் வழியைச் சொன்னார். இதில்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருடமாக எனக்கிருந்த சில நம்பிக்கைகள் அன்றைக்குத்தான் உடைந்தன.

"நீங்க எழுதினதும் அது கட்டாகி, சீல் வெச்சு, வேற ஊருக்குப் போகுது. உங்க போட்டோ, பதிவெண் இருக்கிற முகப்புத்தாள் பகுதியைப் பிரிச்சு எடுத்துடுவாங்க. திருத்துறவர் கைக்கு வர்றப்போ அது யார் பேப்பர், எந்த ஸ்கூல், எந்த ஊர்னு ஒண்ணும் தெரியாது. அதனால 'பெரிய ஸ்கூல் பேப்பர்னா மார்க் போடுவாங்க'ன்னு பேசுறதை இன்னையோட விடுங்க. அதே மாதிரி, பேப்பர்ல உங்க பேரு, சாமி படம், 'ஐயா தயவுசெஞ்சு பாஸ் போடுங்க', இதெல்லாம் எழுதக் கூடாது. உங்களை அடையாளம் காட்டுற எதுவுமே கூடாது. உங்களுக்குத்தான் வம்பு."

முகாமில் ஒரு குழுவுக்கு ஒரு முதன்மைத் தேர்வாளர், ஒரு கூர்ந்தாய்வாளர், அவர்களுக்குக் கீழே சில உதவித் தேர்வாளர்கள். திருத்துகிறவர் உதவித் தேர்வாளர். எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்க்கிறவர் கூர்ந்தாய்வாளர். முதன்மைத் தேர்வாளர் சில தாள்களை எடுத்து, திருத்தம் விடைக்குறிப்பின்படி நடந்திருக்கிறதா என்று மறுபடி பார்ப்பார். அந்த விடைக்குறிப்பை அவர்கள் 'கீ' என்றுதான் சொல்கிறார்கள். அது வெறும் விடைப் பட்டியல் இல்லையாம். ஒவ்வொரு கணக்கிலும் எந்தப் படிக்கு எத்தனை மார்க் என்று பிரித்துக் கொடுத்திருக்கும்.

"நான் போன முகாம்ல ஒரு ஆளுக்குக் காலையில பதினஞ்சு பேப்பர், மதியம் பதினஞ்சு. ஒரு வேளைக்கு மூணு மணி நேரம்னு வெச்சுக்குவோம். ஒரு பேப்பருக்கு எத்தனை நிமிஷம்?"

"பன்னிரண்டு!"

"நீங்க எத்தனை விடை எழுதுறீங்க? 14, 10, 10, 2. முப்பத்தாறு. பன்னிரண்டு நிமிஷம்னா எழுநூத்தி இருபது செகண்ட். முப்பத்தாறால வகுங்க."

ஒரு நிமிட அமைதி. பிறகு யாரோ, "இருபது சார்" என்றார்கள்.

"இருபது செகண்ட். சராசரி. ஒன் மார்க்குக்கு ரெண்டு செகண்ட் போதும். அதனால ஃபைவ் மார்க்குக்கு அரை நிமிஷத்துக்கு மேல கிடைக்கும். அவ்வளவுதான். நீங்க ஒன்பது நிமிஷம் உக்கார்ந்து எழுதினதை ஒருத்தர் அரை நிமிஷத்துல பார்க்குறார். அவரைக் குறை சொல்லாதீங்க. மே மாசத்துக்குள்ள ரிசல்ட் வரணும், பல லட்சம் பேப்பர். அந்த அரை நிமிஷத்துல அவர் கண்ணுக்கு என்ன படணும்னு யோசிக்கிறது உங்க வேலை."

அவர் சொன்னது மூன்றே விஷயம். முதலாவது, கேள்வி எண். "34-ஐ 43-ன்னு எழுதின பேப்பரைப் பார்த்திருக்கேன். எண்ணே போடாத பேப்பரையும் பார்த்திருக்கேன். திருத்துறவர் கீயில 43-ஐத் தேடுவார், அது வடிவியல். இங்கே ஏதோ கூட்டல் தொடர் இருக்கு. பொறுமையானவர் கண்டுபிடிச்சிடுவார். இருபத்தெட்டாவது பேப்பர்ல, நாலரை மணிக்கு, அவர் பொறுமையை நம்பி நீங்க எழுதாதீங்க." இரண்டாவது, படிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வர வேண்டும். ஒரு வரிக்குள் நான்கு சமக்குறி போட்டு ரயில் மாதிரி ஓட்டினால், எந்தப் படிக்கு டிக் போடுவது என்று தெரியாது. மூன்றாவது, கடைசி விடை அலகோடு, கீழே கோடிட்டு.

அடுத்து ஒரு கணக்கைப் பலகையில் எழுதினார். இந்தப் பதிவை எழுதக் காரணமே அதுதான்.

"45 மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சி, அடி இரண்டின் இறக்கக் கோணங்கள் முறையே 30°, 60°. கம்பத்தின் உயரம் என்ன?" முக்கோணவியல். மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதலில் சரியான விடையை அஞ்சு படியாகப் போட்டார். கம்பத்தின் உயரம் h, கட்டடத்துக்கும் கம்பத்துக்கும் இடைவெளி x.

1. படம்
2. tan 60° = 45/x
3. x = 45/√3 = 15√3
4. tan 30° = (45 − h)/x
5. 45 − h = 15, ஆகவே h = 30 மீ

"கீயில இதை அப்படியே ஒவ்வொரு மார்க்காப் பிரிச்சிருப்பாங்கன்னு சொல்லலை. ஒரு வருஷம் படத்துக்கு ஒண்ணு இருக்கும், ஒரு வருஷம் ரெண்டு படிக்குச் சேர்த்து ரெண்டு இருக்கும். ஆனா இந்த மாதிரிதான் இருக்கும். இப்போ படிக்கு ஒரு மார்க்னு வெச்சுக்கிட்டு, மூணு பேர் எழுதினதைத் திருத்துவோம். நீங்கதான் உதவித் தேர்வாளர்."

முதல் பையன் படம் சரியாக வரைந்தான். tan 60° = 45/x என்று சரியாக எழுதினான். ஆனால் அடுத்த வரியில் வகுப்பதற்குப் பதில் பெருக்கி, x = 45√3 என்று போட்டுவிட்டான். அதற்கடுத்து tan 30° = (45 − h)/x என்றும் சரியாக எழுதினான். தவறான x-ஐப் போட்டதால் 45 − h = 45 என்று வந்தது. h = 0.

"எத்தனை மார்க்?"

"ஜீரோ சார்" என்றது பெரும்பாலான கூட்டம். விடை தப்பு, அதனால் பூஜ்யம். நானும் மனதுக்குள் அதையேதான் சொன்னேன்.

"படம் சரிதானே? ஒண்ணு. முதல் சமன்பாடு சரிதானே? ஒண்ணு. x தப்பு, இல்ல. ரெண்டாவது சமன்பாடு அமைச்சது சரிதானே? ஒண்ணு. கடைசி விடை தப்பு, இல்ல. மூணு மார்க். அஞ்சுக்கு மூணு."

இரண்டாவது பெண் இறக்கக் கோணத்தைப் படுக்கைக் கோட்டிலிருந்து அளக்காமல், கட்டடத்துச் சுவரிலிருந்து அளந்து படம் போட்டுவிட்டாள். அதனால் tan 60° = x/45 என்று ஆகி, x = 45√3. பிறகு tan 30° = x/(45 − h) என்று எழுதி, 45 − h = 135 என்று வந்தது. h = −90. உயரம் எப்படி மைனஸில் வரும் என்று குறியை மட்டும் அழித்துவிட்டு, 90 மீ என்று கோடிட்டு எழுதினாள். பெருக்கல் வகுத்தல் எல்லாம் சுத்தமாகச் சரி.

"இதுக்கு?" யாரும் வாய் திறக்கவில்லை. "படம் தப்பு. படத்துல இருந்து வந்த ரெண்டு சமன்பாடும் தப்பு. அப்புறம் எவ்வளவு அழகாக் கணக்குப் போட்டாலும் அது வேற ஏதோ கணக்கு. இவளுக்கு மார்க் குடுக்கக் கீயில இடமே இல்ல. முதல் பையன் செஞ்சது கைப்பிழை. இவ செஞ்சது கருத்துப் பிழை. ரெண்டு பேர் விடையும் தப்புதான், ஆனா ஒருத்தனுக்கு மூணு, ஒருத்திக்குப் பூஜ்யம்."

மூன்றாவது பையன் ஓரத்தில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "h = 30 மீ" என்று ஒரே வரி எழுதினான். விடை சரி. "இவனுக்கு அந்தக் கடைசிப் படியோட மார்க்தான் தைரியமாப் போட முடியும். அதாவது தப்பான விடை எழுதினவனுக்கு மூணு, சரியான விடை எழுதினவனுக்கு ஒண்ணு. அநியாயமாத் தெரியுதா? விடையைப் பக்கத்துப் பேப்பரைப் பார்த்தும் எழுதலாம். வழியைப் பார்த்து எழுதுறது கஷ்டம். மார்க் இருக்கிறது வழியில."

சூத்திரத்துக்கும் இதே நியாயம்தானாம். விடைக்குறிப்பில் சில படிகளுக்கு நட்சத்திரக் குறி போட்டிருக்கும் என்றார். அந்தப் படியில் பிள்ளை தப்பாகப் போட்டிருந்தாலும், உரிய சூத்திரத்தைச் சரியாக எழுதியிருந்தால் அதற்கு மார்க் கொடுக்கலாம். சூத்திரம் எழுதாமலே படியைச் சரியாகப் போட்டவனுக்குக் குறைக்கக் கூடாது. "அதனால சூத்திரம் எழுதுறது உங்களுக்கு இன்சூரன்ஸ் மாதிரி. வண்டி ஒழுங்கா ஓடினா தேவையில்ல. விழுந்தாத்தான் அதோட அருமை தெரியும்."

பிறகு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, முகாமில் பார்த்த ஒரு தாளைப் பற்றிச் சொன்னார். இதே கணக்கில்லை, இதே ஜாதி. ஒரு பிள்ளை அந்த முதல் பையனைப் போலவே போட்டுக்கொண்டு வந்து, கடைசியில் உயரம் பூஜ்யம் என்று பார்த்திருக்கிறது. பூஜ்யம் வர முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. நல்ல பிள்ளை. ஆனால் எங்கே தவறு என்று தேட நேரமில்லை போலிருக்கிறது. மூலைக்கு மூலை கோடு போட்டு விடை முழுவதையும் அடித்துவிட்டது.

"அடிச்ச விடையைத் திருத்த முடியாது. கோட்டுக்கு அடியில மூணு மார்க் எனக்குத் தெளிவாத் தெரியுது. ஆனா அதைத் தொட எனக்கு அதிகாரம் இல்ல. அந்தப் பேப்பரோட மொத்தம் எவ்வளவுன்னு உங்களுக்குச் சொல்லமாட்டேன்" என்றார். சொல்லாமலே எல்லாருக்கும் புரிந்துவிட்டது. "வேற விடை முழுசா எழுதி முடிச்சப்புறம்தான் பழைய விடையை அடிக்கணும். எழுத நேரமில்லையா, அப்படியே விட்டுடுங்க. தப்பான விடைக்குள்ளயும் மார்க் இருக்கும்."

கேள்வி நேரத்தில் ஒரு பையன் எழுந்து, கையெழுத்துக்கு மார்க் உண்டா என்றான். கணக்கில் அதற்கென்று மார்க் இல்லை, ஆனால் 1-உம் 7-உம் ஒரே மாதிரி இருந்தால் எந்த எண் என்று ஊகிக்க வேண்டியிருக்கும் என்றார். ஒரு பெண், கேள்வியே தப்பாக வந்தால் என்ன செய்வது என்று கேட்டாள். "முயற்சி செஞ்சவங்களுக்கு மார்க் குடுக்கலாம்னு முடிவு வந்தது உண்டு. வரும்னு உறுதி இல்ல. அப்படி வந்தாலும், நீங்க அந்தக் கேள்வியைத் தொட்டிருந்தாத்தான் கிடைக்கும். எண்ணைப் போட்டு ரெண்டு படியாவது எழுதுங்க."

ஒன் மார்க்கில் விடைக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதாதா என்றான் இன்னொருவன். "வினாத்தாள்லயே குறியீட்டையும் விடையையும் சேர்த்து எழுதணும்னு போட்டிருக்கு. குறியீடு ஒண்ணு, விடை வேற ஒண்ணுன்னு எழுதிட்டா மார்க் போகும். வினாத்தாளைப் பார்த்து எழுதுறதுல என்ன அவசரம்? இன்னொண்ணு. தப்பான விடைக்கு மைனஸ் மார்க் கிடையாது. அதனால பதினாலுல ஒண்ணைக்கூட வெறுமையா விடக் கூடாது."

கடைசியாகப் பின்வரிசைக்கு நடந்து போனார். மெல்லக் கற்போர் என்று பள்ளிகளில் சொல்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பக்கம். குரலைத் தணித்துக்கொண்டார். "முப்பத்தஞ்சு எங்கிருந்து வரும்னு பார்ப்போம். செய்முறை வடிவியல் எட்டு, வரைபடம் எட்டு. பதினாறு. ரெண்டும் கையால பழகுற வேலை. வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, இருபடிச் சமன்பாட்டு வரைபடம், மாறுபாட்டு வரைபடம்னு வகை எண்ணி முடிச்சிடலாம். இதுலயும் ஸ்டெப் மார்க்தான். உதவிப்படத்துக்கு உண்டு, அட்டவணைக்கு உண்டு, அளவுத்திட்டத்துக்கு உண்டு. x அச்சு y அச்சுன்னு பேர் எழுத மறந்துட்டு வராதீங்க. சரி, பதினாறு. ஒன் மார்க்ல ஒன்பது. இருபத்தஞ்சு. டூ மார்க்ல அஞ்சு, அது பத்து. முப்பத்தஞ்சு. ஃபைவ் மார்க் பக்கம் நாம போகவே இல்ல. போய் ரெண்டு கேள்விக்குப் படமும் சூத்திரமும் எழுதிட்டு வந்தா, அது மேல்கொண்டு."

அதில் ஒரு பையன் தன் நோட்டின் பின்னட்டையில் இந்தக் கூட்டலை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். 16, 9, 10. கீழே இரண்டு கோடு போட்டான்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் ஒன்றும் பேசவில்லை. இரவு சாப்பிட்டதும் அவளுடைய அரையாண்டுக் கணக்குத் தாளைக் கேட்டேன். மொத்த மார்க்கைப் பார்த்து டிசம்பரிலேயே கத்தி முடித்திருந்தேன். உள்ளே பிரித்துப் பார்த்தது அன்றைக்குத்தான். ஃபைவ் மார்க் பகுதியில் எட்டுக் கேள்வி எழுதியிருந்தாள், 42 இல்லை. இரண்டு இடத்தில் மூலைக்கு மூலை கோடு. அதில் ஒன்றை இருவரும் உட்கார்ந்து படித்தோம். மூன்றாவது வரியில் ஒரு குறி மாறியிருந்தது, அதற்கு முன் எல்லாம் சரி. எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை, அவள்தான் சொன்னாள்.

இந்தப் பருவத்தில் தாளில் ஒரு மார்க்கைப் பார்த்துவிட்டுக் குரல் உயர்த்துகிற என்னைப் போன்ற அப்பா அம்மாக்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். திருப்புதல் தேர்வுத் தாள் வீட்டுக்கு வந்தால் முதல் பக்கத்தோடு நிறுத்தாதீர்கள். ஒவ்வொரு விடையிலும் சிவப்பு டிக் எந்த வரியில் நின்றுபோயிருக்கிறது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். படத்திலேயே நின்றிருந்தால் பாடம் புரியவில்லை, ஆசிரியரிடம் அனுப்புங்கள். மூன்றாவது வரியில் நின்றிருந்தால் கை தவறியிருக்கிறது, அதே கணக்கை இன்னொரு முறை போடச் சொல்லுங்கள். கோடு போட்டு அடித்திருந்தால், கோட்டுக்கு அடியில் எத்தனை மார்க் இருந்தது என்று எண்ணிப் பாருங்கள்.